முத்திரையை மொழிபெயர்க்காமல் 8,000 வாங்கிக்கொண்டார்கள்

கை நடுங்கும் கோபத்தில் எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஆவணங்களை ஆன்லைனில் மொழிபெயர்த்துத் தரும் ஒரு தளம், அவ்வளவுதான். போனது 8,000.

முன்பு வேலை பார்த்த நாட்டின் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் அந்த நாட்டு மொழியில் இருந்தது. அமெரிக்கக் குடியேற்ற விண்ணப்பத்துக்காக அதை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். சாட்டில் வந்தவர் முதல் கேள்வியிலேயே, "பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க சார், சீல் எல்லாம் தெளிவா தெரியணும்" என்றார். தொழில் தெரிந்தவர்கள் என்று அந்த ஒரு வரியில் நம்பிப் பணத்தைக் கட்டினேன்.

வந்தது என்ன? அச்சடித்த வரிகள் மட்டும். வட்ட முத்திரை, கையொப்பம், பின்பக்கக் குறிப்பு எதுவுமே இல்லை. அதைவிட மோசம், சான்றிதழில் வழங்கிய தேதியைப் பேனாவால் அடித்து, மேலே சரியான தேதியை எழுதி, அதிகாரி சுருக்கொப்பம் போட்டிருந்தார். இவர்கள் அடித்துவிட்ட தேதியையே மொழிபெயர்த்திருந்தார்கள். மூலத்தில் ஒரு தேதி, மொழிபெயர்ப்பில் வேறு தேதி. பார்க்கும் அதிகாரிக்கு அது தில்லுமுல்லாகத்தானே தெரியும்? விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

கேட்டதற்கு முதல் பதில்: "சீல் ஒரு படம் சார், அதை எப்படி மொழிபெயர்ப்பது?" முத்திரைக்குள் இருப்பது எழுத்தில்லையா! அடுத்து, பின்பக்கம் தனிப் பக்கமாம், அதற்குத் தனிக் கட்டணமாம். கேட்டு வாங்கியதே அவர்கள்தான். அப்புறம் "மேலாளர் அழைப்பார்". அழைக்கவில்லை. புகாரையும் முடித்துவிட்டார்கள். 8,000 திரும்பவில்லை.

பிறகு வேறொரு மொழிபெயர்ப்பாளர் செய்து தந்தார். முத்திரை இருந்த அதே இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் [வட்ட முத்திரை: அலுவலகத்தின் பெயர், ஒரு பகுதி தெளிவில்லை] என்று குறித்தார். தேதிக்கு [அச்சிட்ட தேதி அடிக்கப்பட்டு, கையால் திருத்தப்பட்டுள்ளது, சுருக்கொப்பம்] என்று போட்டு இரண்டு தேதிகளையும் தந்தார். ஸ்கேனில் தெரியாத புடைப்பு முத்திரையைக்கூட, அசலைக் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்துக் குறித்தார். படிக்க முடியாததை ஊகிக்காமல் 'தெளிவில்லை' என்றே விட்டார். செய்ய வேண்டியது இவ்வளவுதான். இதற்கா 8,000 வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள்?

நிறைய எழுத நினைத்தேன், பொறுமையில்லை. பணம் கட்டும் முன், முத்திரை, கையெழுத்துக் குறிப்பு, பின்பக்கம் எல்லாம் கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓட்டுநர் உரிமம் என்றால் பின்பக்க வாகன வகைகளும் கட்டுப்பாட்டுக் குறியீடுகளும் விடுபடக் கூடாது. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தனக்கு அந்த மொழிகள் தெரியும் என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட உறுதிமொழி இல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பாதீர்கள். தளத்தின் லோகோ அதற்கு ஈடாகாது. சாட்டையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், என் உரையாடல் இப்போது அங்கே காணவில்லை.