எட்டு வருட ஃப்ரண்ட் லோடு மெஷின்: கதவு எரர், டிரெயின் எரர், நடுவில் மாட்டிக்கொண்ட போர்டு

திருநகரில் போர் தண்ணீரை நம்பி ஓடும் வீடு எங்களுடையது. 7 கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. துவைப்பதில் குறையே இல்லை. வேட்டி, பள்ளிச் சீருடை, போர்வை எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. தொல்லை கொடுத்ததெல்லாம் பாதியில் நின்றுபோகிற பழக்கம்தான். ஒரு சமயம் டிரெயின் எரர், இன்னொரு சமயம் டோர் எரர். வந்து பார்த்த மெக்கானிக்குகள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அக்கா, போர்டு போயிருச்சு." உண்மையில் போர்டு போனது ஒரே ஒரு தடவைதான்.

ஸ்கிரீனில் வரும் எரருக்கு, அந்த உறுப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு எதிர்பார்த்த பதில் குறித்த நேரத்தில் வரவில்லை என்று மட்டுமே அர்த்தம். பதில் சொல்ல வேண்டிய சென்சார் கெட்டிருக்கலாம், பதிலைக் கொண்டுவரும் வயர் அறுந்திருக்கலாம், கேள்வி கேட்க வேண்டிய போர்டே ஊமையாகியிருக்கலாம்.

முதலில் வந்தது டிரெயின் எரர். கண்ணாடி வழியாகப் பார்த்தால் டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் தண்ணீர் இறங்கவில்லை என்று மெஷின் அடம்பிடித்தது. இந்த ஒரு காட்சியே பாதி விடை. தண்ணீர் நிற்கிறது என்றால் பில்டர், பம்ப், வெளியே போகும் குழாய் ஆகியவற்றைப் பார்க்கலாம். தண்ணீர் போன பிறகும் எரர் வருகிறது என்றால் பம்பைத் தொட வேண்டியதே இல்லை, சந்தேகம் பிரஷர் சென்சார் பக்கம் போக வேண்டும். டிரம்முக்கு அடியில் ஒரு சின்னக் காற்றறை இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய டியூப் ஒன்று மேலே சென்சாருக்குப் போகிறது. தண்ணீர் ஏறினால் டியூப்புக்குள் காற்று அழுந்தும், இறங்கினால் அழுத்தம் விடும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரும் சோப்புச் சேறும் சேர்ந்து காற்றறையின் வாயை அடைத்துவிட்டன. தண்ணீர் போனது, அழுத்தம் மட்டும் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைக் கழற்றி, சென்சாரிலிருந்து டியூப்பை உருவினோம். பிறகு மெஷினை மூடி டிரெயின் புரோகிராமை மட்டும் ஓடவிட்டோம். எரர் வரவில்லை. ஆக, சென்சாரும் போர்டும் நன்றாகவே இருக்கின்றன, அடைப்பு கீழே. டியூப்பை எடுத்த பிறகும் எரர் தொடர்ந்திருந்தால் சென்சாரையோ அதன் வயரையோ போர்டையோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: டியூப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு துவைக்கும் புரோகிராமைப் போட்டுவிடாதீர்கள். டிரம் காலி என்று நினைத்து மெஷின் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும்.

டோர் எரர் வந்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது. கதவு பூட்டும், துவைக்கும், அலசும். ஸ்பின் வேகம் எடுக்கும்போது மட்டும் நின்று டோர் எரர் காட்டும். மெக்கானிக் தம்பி வந்தவர் கதவை இரண்டு தடவை தட்டிவிட்டு, "போர்டு மாத்தணும் அக்கா, ஒன்பதாயிரம் ஆகும்" என்றார். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பூட்டித் தொவைச்சு முடிச்சிருச்சுல்ல தாயி, ஆட்டம் எடுக்கையில மட்டும் நிக்குதுன்னா எங்கயோ ஒட்டாம இருக்கு. மொதல்ல வயரப் பாரு."

எங்கள் மெஷினில் இருப்பது சூடேறிப் பூட்டும் வகை டோர் லாக். ஸ்டார்ட் கொடுத்ததும் போர்டு அதற்கு 230 வோல்ட் அனுப்பும். உள்ளே இருக்கிற சின்ன ஹீட்டர் சூடாகி ஓர் உலோகத் தகட்டை வளைக்கும். தகடு வளைந்ததும் பூட்டு விழும், கூடவே உள்ளேயுள்ள காண்டாக்ட் மூடும். அந்தக் காண்டாக்ட் வழியாகத் திரும்பி வரும் மின்சாரம்தான் 'பூட்டியாச்சு' என்று போர்டுக்குப் போகிற பதில். பிளக்கைப் பிடுங்கினாலும் கதவு உடனே திறக்காததற்குக் காரணம், தகடு ஆற ஒரு நிமிடம் போல எடுப்பதுதான்.

அந்த ஒரு நிமிடத்தை மாமா நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். மெஷின் ஆறியிருக்கும்போது மீட்டர் வைத்துப் பயனில்லை, காண்டாக்ட் எப்படியும் திறந்துதான் இருக்கும். அதனால் மேல் மூடியை முன்கூட்டியே கழற்றி வைத்து, மெஷினை ஓடவிட்டு, கதவு பூட்டியதும் பிளக்கைப் பிடுங்கினார். டோர் லாக்கிலிருந்து போர்டுக்கு வரும் கனெக்டரை உருவி, வயர் பக்கத்தில் மட்டும், மின்சாரம் போகும் முனைக்கும் திரும்பும் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தார். (போர்டைத் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் நிற்கும்.) மீட்டர் 'பீப்' என்றது. காண்டாக்ட் மூடியிருக்கிறது. அடுத்து, கதவுப் பக்கம் இறங்கும் வயர்க்கட்டை லேசாக ஆட்டினார். பீப் விட்டு விட்டுக் கேட்டது.

போர்டு கழன்று கிடக்கும்போதே கோளாறு தெரிகிறது என்றால் போர்டு குற்றவாளி இல்லை. மிச்சம் லாக்கும் வயரும். பிளக் கழன்றே இருக்க, கதவு ரப்பரின் வளையக் கம்பியை எடுத்து, ரப்பரை உள்ளே மடித்து, இரண்டு திருகுகளைக் கழற்றி லாக்கை வெளியே இழுத்தோம். அதன் பிளக்கிலிருந்து போர்டுப் பிளக் வரை ஒவ்வொரு வயராகத் தனித்தனியே பார்த்தோம். திரும்பி வரும் வயர் மட்டும் ஆட்டினால் விட்டது. கிளிப் பிடித்திருந்த வளைவில் மேலுறை முழுசாக இருந்தும், உள்ளே செம்பு இழைகள் ஏறக்குறைய எல்லாமே அறுந்திருந்தன. கை வைத்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று மடிந்தது. அதே தடிமன் வயரைச் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, இந்தத் தடவை கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினோம்.

எல்லா மெஷினுக்கும் இந்த வழி பொருந்தாது. சில புது மெஷின்களில் சூடேறும் லாக்குக்குப் பதிலாகச் சட்டென்று இழுக்கும் மின்காந்தக் காயில் இருக்கும். அங்கே ஒரு நிமிடக் கணக்கு வேலைக்கு ஆகாது.

போர்டு நிஜமாகவே போனது போன வருடம். மறுபடி டிரெயின் எரர், ஆனால் இப்போது டிரம் நிறையத் தண்ணீர், பம்பிடமிருந்து சத்தமே இல்லை. பம்ப் உறுமியும் தண்ணீர் போகவில்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக மௌனம் என்றால் ஒன்று பம்ப் காயில் போயிருக்க வேண்டும், இல்லை அதற்கு மின்சாரம் வரவில்லை. காயில் 160 ஓம் போலக் காட்டியது, இந்த வகைப் பம்புக்கு அது சரியான அளவுதான். வயரும் முனைக்கு முனை சரி. மின்சாரம் இருக்கும்போது அளக்கும் வேலையை மாமாவே செய்தார், எனக்கு அதில் தைரியம் இல்லை. டிரெயின் ஓட வேண்டிய நேரத்தில் பம்ப் கனெக்டரில் 230 வோல்ட் வரவே இல்லை. கேட்க வேண்டிய இடத்திலேயே கேள்வி நின்றுபோனது. டவுன்ஹால் ரோடு பக்கம் போர்டு ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனோம். பம்பை ஆன் செய்யும் ட்ரையாக் எரிந்திருந்தது. அதை மட்டும் மாற்றிக் கொடுத்தார், சில நூறு ரூபாய்தான். "பம்புல எங்கயாவது தண்ணி கசியுதான்னு பாத்துட்டு மாட்டுங்கக்கா, இல்லன்னா இதுவும் போயிரும்" என்றும் சொன்னார். பார்த்தால் பம்ப் முனைகளில் பச்சை பூத்திருந்தது. பம்பையும் மாற்றிவிட்டோம்.

இதே மெஷினை மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், வாங்குவேன். போர்டு மாற்றச் சொல்பவரிடம் மட்டும், கனெக்டரில் வோல்ட் வருகிறதா இல்லையா என்று மீட்டரில் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன்.