விற்காத பாய் யார் கணக்கில்?

பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் 40 பத்தமடைப் பாய் எடுக்கப்போகிறார். நெய்து தருகிறவர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். பாய்க்கு 600 ரூபாய் ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் கன்சைன்மென்ட்: சரக்கு அவருடையதாகவே கடையில் இருக்கும், 900 ரூபாய்க்கு விற்றால் 225 கடைக்கு, மீதி அவருக்கு. "விக்கலைன்னா திருப்பிடலாம்லா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

சரி, கணக்கைப் பார்ப்போம். நாற்பதும் விற்றால் ரொக்கக் கொள்முதலில் 12,000 ரூபாய் லாபம்; கன்சைன்மென்டில் 9,000. முப்பதுதான் விற்றது என்றால் ரொக்கத்தில் 3,000 ரூபாயும் பத்துப் பாயும் கையில் நிற்கும், கன்சைன்மென்டில் 6,750. அந்தப் பத்தையும் பிறகு 400 ரூபாய்க்குத் தள்ளிவிட முடிந்தால் ரொக்கம் 7,000 ஆகி முந்திவிடும். ஆகவே மிஞ்சும் பாய் என்ன விலைக்குப் போகும் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் எனக்குக் கவலை வேறு இடத்தில். விற்காமல் நிற்பது ஒன்று, கெட்டுப்போவது வேறொன்று. ஐப்பசி மழையில் சுவரை ஒட்டி நிறுத்திய கோரைப்பாய் ஈரம் வாங்கும். சுருளைப் பிரித்தால் முடை நாற்றம், உள்மடிப்பில் கரும்புள்ளி. அந்தப் பாயைத் திருப்பினால் நெய்தவர் ஏன் வாங்க வேண்டும்? ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, அடுத்தவர் பொருளை வைத்திருப்பவர் தன் பொருளைப் போல நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டும் கெட்டால் அவர் பொறுப்பில்லை. ஆனால் பார்த்துக்கொண்டதை எப்படிக் காட்டுவது? இறங்கும் அன்றே ஒவ்வொரு சுருளையும் பிரித்துப் பார்த்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒருமுறை இருப்பையும் அப்படியே எண்ண வேண்டும். திருடு, தீ, நனைவு மூன்றும் யார் தலையில் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். "சேதம் கடைக்காரர் பொறுப்பு" என்று ஒற்றை வரி இருந்தால் மழையும் உங்கள் கணக்குதான்.

அப்புறம் தேதி. "வேண்டாமென்றால் 90 நாளுக்குள் திருப்பலாம்" என்று எழுதியிருந்தால், அது கன்சைன்மென்ட் என்ற பெயரில் வந்தாலும் வேறு வகை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில், நாள் தாண்டியும் வேண்டாமென்று சொல்லாமல் வைத்திருந்தால் சரக்கு வாங்கியவருடையதாகிவிடும். 91ஆம் நாள் மிஞ்சிய பாய்க்கெல்லாம் பணம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

அண்ணாச்சிக்கு நான் சொன்னது: தினம் போகும் சாதாப் பாயை ரொக்கத்தில் எடுங்கள், விலை கூடிய மெல்லிய பாயைக் கன்சைன்மென்டில் வையுங்கள். மாப்பிள்ளை பெண் பெயர் நெய்த கல்யாணப் பாயை மட்டும் இரண்டிலும் சேர்க்க வேண்டாம். கல்யாணம் நின்றால் அதை வேறு யாரும் வாங்கமாட்டார்கள். முழுப்பணமும் முன்பே வாங்கிக்கொண்டுதான் தறிக்குச் சொல்லவேண்டும்.