கல்டிஸ்டின் ஆறு அடி: ஸ்லே த ஸ்பயர் ஆட்டத்தோடு சில வருடங்கள்

2021 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டுக்கு வந்ததும் ஸ்லே த ஸ்பயரை வாங்கினேன். கார்டுகளைப் போட்டு எதிரிகளோடு சண்டையிட்டு, மாடி மாடியாக ஏறும் ஆட்டம் அது. அன்றிலிருந்து அது என் ஃபோனில் இருந்து நீங்கவே இல்லை. மெகா கிரிட் நிறுவனம் 2019 ஜனவரியில் முழுமையாக வெளியிட்ட இந்த ஆட்டத்துக்கு இத்தனை காலம் கழித்து ஒரு அனுபவப் பகிர்வு எழுதக் காரணம், சென்ற இரண்டு வருடங்களாக வார இறுதிகளில் நானே ஒரு சின்ன ரோக்லைக் செய்துகொண்டிருப்பதுதான். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய ஆட்டங்களில் தொடக்கம் நியாயமாகவும் பிற்பகுதி சவாலாகவும் இருப்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதன்பிறகு இந்த ஆட்டத்தைத் திறக்கும்போதெல்லாம், இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றே பார்க்கிறேன்.

முதல் அறையில் பெரும்பாலும் யாரைச் சந்திக்கிறோம்? நீல உடை போட்ட கல்டிஸ்ட் ஒருவன் வருவான், இல்லையென்றால் ஜா வோர்ம், இரண்டு பேன்கள், சின்ன ஸ்லைம்கள். முதல் கட்டத்தின் முதல் மூன்று சண்டைகளும் இந்த எளிய குழுவில் இருந்தே எடுக்கப்படுகின்றன. நான்காவது சண்டையில் இருந்துதான் கிரெம்லின் கும்பலும் பெரிய ஸ்லைமும் வரும். சாதாரண எதிரியைவிடப் பலமான எலீட் எதிரிகள் ஆறாவது மாடிக்கு முன்னால் வரவே மாட்டார்கள். ஆட்டம் தற்செயல்தான். ஆனால் எந்தத் தொட்டியில் கையை விடலாம் என்பது மாடிக்கு மாடி முடிவு செய்யப்பட்டிருக்கிறது.

கல்டிஸ்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். அவனுக்கு உயிர் 48 முதல் 54 வரை. முதல் முறை அவன் அடிப்பதில்லை, மந்திரம் சொல்கிறான். இரண்டாம் முறை 6 அடிக்கிறான். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் 3 கூடும்: 9, 12, 15. அடுத்து எவ்வளவு அடிக்கப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும்.

நம்மிடம், நாம் ஆடும் பாத்திரமான அயர்ன்கிளாடின் பத்துக் கார்டுகள் இருக்கின்றன: ஐந்து ஸ்ட்ரைக், நான்கு டிஃபெண்ட், ஒரு பேஷ். ஒரு முறைக்கு மூன்று சக்தி. அவன் மந்திரம் சொல்லும்போது பேஷும் ஒரு ஸ்ட்ரைக்கும் போட்டால் 8, அதன்மேல் 9, ஆக 17 போகும். பேஷ் வாங்கியவனுக்கு அடுத்து விழும் அடிகள் ஒன்றரை மடங்கு என்பதால்தான் ஸ்ட்ரைக்கின் 6 அங்கே 9 ஆகிறது. அடுத்த முறை மூன்று ஸ்ட்ரைக், 27. மொத்தம் 44. மூன்றாம் முறை ஓரிரு ஸ்ட்ரைக்கில் அவன் விழுவான். கார்டுகள் இப்படி ஒத்துழைத்தால் நாம் வாங்கியது ஒரே ஒரு அடி, 6. சண்டை முடிந்ததும் அயர்ன்கிளாட் மீட்டுக்கொள்ளும் உயிரும் சரியாக 6.

இதே சண்டையில், அவன் அடிக்காத முதல் முறையிலேயே பயந்து தடுப்புக் கார்டுகளைப் போடுகிறவர் ஐந்தாம் முறை வரை இழுத்துவிடுவார். தடுக்காமல் வாங்கும் அடி 6, 9, 12 என்று 27 வரை போகும். சாகமாட்டார், ஏனென்றால் 80 உயிரோடு தொடங்கியிருக்கிறார். ஆனால் எதனால் அடிபட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தொடக்கம் நியாயமாக இருப்பதற்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான். அடி சின்னதாக இருக்க வேண்டியதில்லை. அடியின் காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதைச் சரிசெய்ய இன்னொரு வாய்ப்பும் மிச்சம் இருக்க வேண்டும்.

இப்போது இதே கல்டிஸ்டைப் பதினேழாம் அசென்ஷனில் பார்ப்போம். அசென்ஷன் என்பது ஒரு பாத்திரத்தை வைத்து ஜெயித்தபின் அந்தப் பாத்திரத்துக்குத் திறக்கும் கடினப் படிகள். மொத்தம் இருபது. பதினேழில் அவனுக்கு முறைக்கு 3-க்குப் பதில் 5 கூடும். உயிர் 50 முதல் 56. வேகமாக முடிப்பவர் அங்கேயும் மூன்றாம் முறையில் முடித்துவிடுவார், வாங்குவது அதே 6. இழுத்தடிப்பவர் வாங்குவது 6, 11, 16, ஆக 33. நன்றாக ஆடுபவருக்கு விலை ஏறவில்லை, தவறுக்குத்தான் ஏறியிருக்கிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவில் என் ஆட்டத்தின் சமன்பாட்டை அழித்துவிட்டேன்.

அந்தச் சமன்பாட்டைச் சொல்ல வேண்டும். மாடி ஏற ஏற எல்லா எதிரிகளின் உயிரையும் ஒரே விகிதத்தில் கூட்டி வைத்திருந்தேன். விளைவு, ஏழாம் மாடியில் சண்டை கடினமாகவில்லை, நீளமாக மட்டுமே ஆனது. எடுக்கும் முடிவுகள் அதேதான், அவற்றை எடுக்கும் தடவைகள்தான் கூடின. முதல் மாடியிலோ வேறு சிக்கல். வில்லாளியும் ஓநாயும் சேர்ந்து வரும் ஓர் அறை அங்கே வரலாம். அக்கா மகன் ஆடிப் பார்த்துவிட்டு, "மாமா, நான் என்ன தப்புப் பண்ணேன்னே தெரியல, ஆனா செத்துட்டேன்" என்றான். அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை.

அப்புறம் ஒவ்வொரு அறையிலும் எவ்வளவு உயிர் போனது என்று பதிவுசெய்ய ஆரம்பித்தேன். ஜெயித்தாரா தோற்றாரா என்பதைவிட இது அதிகம் சொல்கிறது. ஒரே ஆள் ஒரே அறையில் எப்போதும் நிறைய இழந்தால் அது கடினமான அறை, அது இருக்கலாம். ஒருமுறை ஒன்றுமே இழக்காமல், இன்னொருமுறை பாதி உயிரை இழந்தால், அங்கே ஆடுபவரின் முடிவைவிடப் பகடை பெரிதாக இருக்கிறது. வில்லாளி அறை அந்த வகை. அதை எளிமையாக்க நான் முயலவில்லை, நான்காம் சண்டைக்குப் பின்தான் வரும் தொட்டிக்கு மாற்றினேன்.

பகடையை அடக்குவதிலும் ஸ்லே த ஸ்பயரில் கற்றுக்கொள்ள இருக்கிறது. சண்டைக்குப் பின், ஒருமுறை மட்டும் பயன்படும் போஷன் கிடைக்கும் வாய்ப்பு 40 சதவீதத்தில் தொடங்குகிறது. கிடைக்காவிட்டால் 10 கூடும், கிடைத்தால் 10 குறையும். என் ஆட்டத்தில் இதை இப்படி எழுதினேன்:

```
if random(100) < potion_chance:
    give_potion()
    potion_chance -= 10
else:
    potion_chance += 10
```

வாய்ப்பு மாறாமல் 40 என்றே இருந்தால், தொடர்ந்து நான்கு சண்டைகளில் ஒன்றும் கிடைக்காமல் போவது நூறில் 13 தடவை நடக்கும். இந்த முறையில் நூறில் 4-க்கும் குறைவு. சராசரி கொஞ்சம்தான் கூடுகிறது. மோசமான ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

இன்னொரு ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அரிய கார்டு கிடைக்கும் வாய்ப்பு சாதாரணச் சண்டையில் 3 சதவீதம். ஆனால் தொடக்கத்தில் அதிலிருந்து 5 கழிக்கப்படுகிறது, அதாவது முதல் சண்டையின் பரிசில் அரிய கார்டு வராது. பொதுவான கார்டு ஒவ்வொன்று வரும்போதும் 1 கூடிக்கொண்டே போகும், அரிய கார்டு வந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். முதல் அறையிலேயே ஆட்டம் முழுவதையும் சுமக்கும் கார்டு கையில் வந்துவிட்டால் அந்தப் பயணமும் கெட்டுப்போகிறது. துரதிர்ஷ்டத்தை மட்டுமே நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இனி மேல்படிகள். இருபது அசென்ஷனையும் வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். சாதாரண எதிரி, எலீட், கட்டத்தின் முடிவில் வரும் பாஸ் என்ற மூவரையும் மூன்று சுற்றில் தொடுகிறார்கள். 2, 3, 4-இல் அடி கூடுகிறது. 7, 8, 9-இல் உயிர் கூடுகிறது. 17, 18, 19-இல் அவர்கள் சண்டை போடும் விதமே மாறுகிறது. நடுவில் உள்ள படிகள் பெரும்பாலும் நம் கையில் இருக்கும் தாராளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகின்றன. ஐந்தாவதில், பாஸுக்குப் பின் முழுதாக ஆறுவதற்குப் பதில் இழந்ததில் முக்கால் பங்குதான் திரும்பும். பதினொன்றில் ஒரு போஷன் இடம் போகும், பதினாறில் கடை விலை ஏறும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பத்தாம் படி. விளையாட முடியாத, நீக்கவும் முடியாத ஒரு சாபக் கார்டைத் தொடக்கக் கார்டுகளோடு சேர்க்கிறார்கள். பார்த்தால் அற்பம். ஆனால் ஒரு முறைக்கு ஐந்து கார்டு எடுக்கும் ஆட்டத்தில் பத்துக் கார்டு என்றால் இரண்டு முறையில் எல்லாம் வந்துவிடும், பேஷ் இரண்டாம் முறைக்குள் நிச்சயம். பதினொன்று ஆனதும் ஏதோ ஒரு கார்டு வெளியே நிற்கும், அது பேஷாகவும் இருக்கலாம். முதல் சண்டையில் நிச்சயம் என்று நினைத்திருந்த ஒன்று இல்லாமல் போகிறது. எதிரியின் எந்த எண்ணையும் தொடாமல் இதைச் செய்திருக்கிறார்கள்.

ஒரு படிக்கு ஒரே மாற்றம் என்ற கட்டுப்பாடும் பெரிய விஷயம். பதினெட்டில் கிரெம்லின் நாபிடம் தோற்றால் எதனால் என்று யோசிக்க வேண்டியதில்லை. நாம் தாக்குதல் அல்லாத ஸ்கில் கார்டு போடும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு 2 கூடிய பலம் இப்போது 3 கூடுகிறது. தடுப்புக் கார்டும் ஸ்கில்தான். பழைய பழக்கத்தில் ஒரு தடுப்பு அதிகம் போட்டது எனக்கே தெரிகிறது.

குறைகளும் இருக்கின்றன. முதல் அசென்ஷனில் எலீட் அறைகள் கூடுகின்றன. எலீட்டை வென்றால், பயணம் முழுவதும் கூடவே இருந்து உதவும் ரெலிக் கிடைக்கும் என்பதால், தேறியவருக்கு அது கடினப் படியே இல்லை, உதவி. புதிதாக வருபவருக்கோ முதல் கட்டத்தில் இருந்து இரண்டாம் கட்டத்துக்குப் போவது ஒரு பள்ளம். அங்கேயும் முதல் இரண்டு சண்டைகள் எளிய குழுதான். ஆனால் அந்த எளிய குழுவிலேயே மூன்று பறவைகள் வரும், பறக்கும் வரை அவற்றுக்குப் பாதி அடிதான் ஏறும். ஒரே பெரிய அடியை நம்பி முதல் பாஸை வென்றவருக்கு அந்த உத்தி ஏன் திடீரென்று செல்லவில்லை என்பது விளங்குவதில்லை. இங்கே நான் முதலில் சொன்ன நியாயம் தளர்கிறது: காரணம் பத்து மாடி முன்னால் எடுத்த கார்டில் இருக்கிறது, அடி இப்போது விழுகிறது. எனக்கு அதைக் கண்டுகொள்ளவே மாதக்கணக்கில் ஆனது.

என் ஆட்டத்தில் இப்போது நான்கு படிகள் இருக்கின்றன. ஐந்தாவதாக எதிரிகளின் அடியையும் கடை விலையையும் ஒன்றாகக் கூட்டி வைத்தேன். அக்கா மகன் மூன்று தடவை தோற்றான். ஒவ்வொரு தடவையும் ஏன் என்று கேட்டேன், மூன்று வெவ்வேறு பதில் வந்தது. விலையை எடுத்துவிட்டு அடியை மட்டும் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.