பைல் போடுறவங்க கவனிங்க: மிச்சமான கான்கிரீட்டால 4,80,000 ரூபாய் போச்சு

ரெண்டு வேளையா சாப்பிடல, அவ்வளவு கடுப்பு. பள்ளிக்கரணை பக்கம் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு நாலு மாடி கட்டுறோம், மேல முழுக்க மெத்து மெத்துனு களிமண், 17 மீட்டருக்குக் கீழதான் கெட்டியான மணல். அதனால 600 எம்எம் விட்டத்துல பைல், அதாவது மண்ணுக்குள்ள இறங்குற கான்கிரீட் தூண், 18 மீட்டர் ஆழம், குழி சரியாம இருக்க பென்டோனைட்ங்கிற களிமண் கரைசல் போட்டு தோண்டணும்னு சாயில் ரிப்போர்ட்ல இருந்துச்சு. கம்பெனி பேர் போட மாட்டேன், பென்டோனைட்ட சுத்தவிட்டு குழி தோண்டுற டிஎம்சி ரிக் வச்சிருக்குற ஒரு லோக்கல் பைலிங் காண்ட்ராக்டர், அவ்வளவுதான். அந்த ஆள் ஒரே ஒரு பைல்ல விட்ட கோல்மாலுக்கு எங்களுக்கு 4,80,000 ரூபாய் தண்டம்.

அந்த ஆள நம்புனதுக்கு காரணம் இருக்கு. முதல் நாளே சேத்துக்குள்ள இறங்கி நின்னு பென்டோனைட்ட கையில எடுத்து விரல்ல வழியவிட்டு காட்டுனாரு, "தம்பி, இது மோர் பதத்துல இருக்கணும், மீட்டர்லாம் ஆபீஸ்காரங்களுக்கு, எனக்கு கைதான் மீட்டர்"னாரு. முதல் சில பைல் சுத்தமா போச்சு. அடியில மண்ணு இல்லாம ஃப்ளஷ் பண்ணி, டேப்பை இறக்கி 18 மீட்டர்னு எங்க கண்ணு முன்னாடி காட்டி, அப்புறம்தான் கான்கிரீட். அதப் பாத்துட்டு அண்ணன் பாதிப் பணத்த முன்னாடியே குடுத்துட்டாரு.

பிரச்சனை ஆன பைல் சாயங்காலம் தோண்டி முடிஞ்சுது, ரெடிமிக்ஸ் கான்கிரீட் கொண்டுவர்ற ஆர்எம்சி வண்டி வரல, லாரிக்கு டைம் கட்டுப்பாடுன்னு சொல்லி காலையிலதான் வரும்னாங்க. ராத்திரி முழுக்க குழி அப்படியே கிடந்துச்சு, மழை வேற. காலையில நான் போய் பாக்குறப்ப, குழி வாயில இறக்கியிருக்குற இரும்புக் குழாய், அதாவது லைனருக்குள்ள பென்டோனைட் மட்டம் ஒரு ஆள் உயரத்துக்கு கீழ இறங்கி கிடக்கு, வெளிய மழைத் தண்ணி தரை மட்டத்துல நிக்குது. இதுதான் விஷயமே. பென்டோனைட் குழிய தாங்குறது அதோட மட்டம் வெளித்தண்ணிய விட ஒன்றரை மீட்டராவது ஒசந்து நின்னா மட்டும்தான், அந்த அழுத்தம்தான் பக்கத்துச் சுவத்த வெளிய தள்ளி வைக்குது. மட்டம் இறங்கிட்டா மெத்துக் களிமண் மெல்ல உள்ள பிதுங்கும், குழி அந்த எடத்துல இடுப்பு மாதிரி ஒடுங்கிடும். நெக்கிங்னு சொல்றது இதத்தான். லைனரும் மேல 3 மீட்டருக்கு மட்டும்தான், அதுக்குக் கீழ வெறும் களிமண்.

காலையில டேப் இறக்குனப்ப 17.55 காட்டுச்சு. ராத்திரி 18.0. அந்த 45 சென்டி என்னன்னு கேட்டேன். "டேப் நனைஞ்சா இழுத்துக்கும் தம்பி, வெயிட் சரிஞ்சிருக்கும்"னாரு. ராத்திரி முழுக்க பென்டோனைட்ல தொங்கிட்டு இருந்த மணல் அடியில படிஞ்சிருக்கு, ஒரு மணி நேரம் திரும்ப ஃப்ளஷ் பண்ணிருந்தா எல்லாம் மேல வந்திருக்கும், ஆனா வண்டி வாசல்ல நிக்குது, வெயிட்டிங் சார்ஜ் ஏறுது. ஊத்திட்டாங்க.

ஊத்தி முடிச்சப்ப சிரிச்சுட்டே வந்து சொன்னாரு பாருங்க, இன்னைக்கும் காதுல கேக்குது: "6 கியூபிக் மீட்டர் வண்டியில ஒண்ணேகால் மிச்சம் தம்பி, உங்களுக்கு லாபம்". லாபமாம்! 600 எம்எம், 18 மீட்டருக்கு கணக்குப்படியே 5.1 வேணும், தோண்டுறப்ப சுவரு கொஞ்சம் சிதையும்ங்கிறதால நடைமுறையில அதுக்கு மேலதான் குடிக்கும், முன்னாடி போட்ட பைல்லாம் 5.7 பக்கம் குடிச்சது. இது குடிச்சது 4.8க்குள்ள. கணக்க விட கம்மியா கான்கிரீட் போச்சுன்னா குழிக்குள்ள கான்கிரீட் போக வேண்டிய எடத்துல வேற எதுவோ உக்காந்திருக்குன்னு அர்த்தம். அடியில கிடந்த 45 சென்டி சேறு அதுல ஒரு சின்ன பங்குதான், மீதிய பாதி வழியில பிதுங்குன களிமண் முழுங்கியிருக்கு.

எங்க கன்சல்டன்ட் இன்டெகிரிட்டி டெஸ்ட் பண்ணாரு, பைல் தலையில சின்ன சுத்தியால தட்டி எதிரொலி பாக்குறது. மத்ததெல்லாம் அடியில இருந்து 9 மில்லி செகண்ட் பக்கம் எதிரொலி காட்ட, இது 3 மில்லி செகண்ட்லயே காட்டுச்சு, அதாவது சுமார் 6 மீட்டர்ல குறுகல். காண்ட்ராக்டர்கிட்ட போன் பண்ணா "மெஷின் பேட்டரி வீக்கா இருக்கும்". அடுத்த தடவை "டெஸ்ட் பண்ணவன் புதுப் பையன்". அதுக்கப்புறம் "டிரைவிங்ல இருக்கேன்".

சரின்னு மணல் மூட்டை அடுக்கி லோட் டெஸ்ட் வச்சோம். டிசைன் லோடு 60 டன், ஒன்றரை மடங்கு 90 டன் ஏத்தி 12 எம்எம்க்குள்ள இறங்கணும். 36 டன் வரைக்கும் 2 எம்எம், நல்லாத்தான் தாங்குச்சு, அது முழுக்க பக்கவாட்டு உராய்வு. 48 டன்ல ஜாக்கி பிரஷர் நிக்கவே மாட்டேங்குது, ஏத்த ஏத்த இறங்குது, 14 எம்எம். 60 டன்ல 29 எம்எம், நிறுத்திட்டோம். கீழ கெட்டி மணல் இருக்கு, ஆனா பைல் அது மேல உக்காரல, சேத்து மேல உக்காந்திருக்கு. சாஃப்ட் டோன்னா இதுதான். காண்ட்ராக்டர் ரிசல்ட்ட பாத்துட்டு சொன்னது: "பில்டிங் வெயிட் வந்தா தானா அமுங்கி செட் ஆயிடும் தம்பி". அமுங்குனா மேல சுவத்துல கிராக் வரும்யா! அதுக்கு "இது சாயில் ப்ராப்ளம், நான் பொறுப்பில்ல". பென்டோனைட் கலக்கி வச்சிருந்த குழியில கன்சல்டன்ட் மட் பேலன்ஸ்ல அளந்தா அடர்த்தி 1.21, எங்க ஸ்பெக்ல கான்கிரீட்டுக்கு முன்னாடி அடியில 1.12க்கு மேல போகக்கூடாது. கைதான் மீட்டராம்.

செலவு கேளுங்க. பக்கத்துல ரெண்டு புது பைல் 2,40,000, ரிக் திரும்ப கொண்டுவர 60,000, லோட் டெஸ்ட் 1,00,000, பைல் தலைகள சேத்துப் பிடிக்கிற பைல் கேப் பெரிசானதுக்கும் பீமுக்கும் 80,000. மொத்தம் 4,80,000. ஒரு பைசா தரல அந்த ஆள். 4,80,000 சார்!

என்ன கவனிக்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல, சுருக்கமா. டேப்ப தோண்டி முடிஞ்சதும் ஒரு தடவை, கான்கிரீட்டுக்கு தொட்டு முன்னாடி ஒரு தடவை, நீங்களே இறக்குங்க, வித்தியாசம் இருந்தா ஃப்ளஷ் பண்ணாம வண்டிய தொட விடாதீங்க. ராத்திரி குழிய காலியா விட வேணாம், விட்டா மட்டத்த யாராவது நிரப்பிக்கிட்டே இருக்கணும். பென்டோனைட் அடியில இருந்து எடுத்து அளக்கணும், மேல இருக்கிறத இல்ல. 600 பைல்ல ஒரு கியூபிக் மீட்டர் ஊத்தினா மட்டம் மூன்றரை மீட்டருக்கு மேல ஏறவே கூடாது, ஏறினா அங்கயே நிறுத்தி கேளுங்க. சுத்தியல் டெஸ்ட் நெக்கிங்க காட்டும், அடிச் சேத்த பெரும்பாலும் காட்டாது, அதனால அந்த ரிப்போர்ட்ட மட்டும் வச்சு பாக்கிப் பணத்த குடுத்துடாதீங்க.