13 சதவீத வட்டி, "ரேட்டிங் இருக்கு சார்": தண்டையார்பேட்டையில் என் மாமாவிடம் விற்ற பாண்டு

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமாவிடம், வீட்டுக்கே வந்து ஒரு ஏஜெண்ட் 3 லட்சத்துக்கு பாண்டு விற்றுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு சின்ன நிதி நிறுவனத்தின் கடன் பத்திரம். வட்டி 13 சதவீதம். "எஃப்.டி. மாதிரிதான் சார், ரேட்டிங் இருக்கு, செக்யூர்டு" என்றாராம்.

அவர் காட்டிய தாளில் BBB- என்று இருந்தது உண்மைதான். ஆனால் தாள் பழையது. மாமா பணம் கட்டும் முன்பே, கடனைத் திருப்பிக் கொடுக்கும் திறனுக்கு மார்க் போடும் ரேட்டிங் ஏஜென்சி அதை BB+ ஆக இறக்கி, பக்கத்தில் ISSUER NOT COOPERATING என்றும் போட்டிருந்தது. அதாவது கேட்ட கணக்கு வழக்கை கம்பெனி கொடுக்கவில்லை, கிடைத்ததை வைத்து மார்க் போட்டிருக்கிறார்கள்.

ஒரு படிதானே என்று ஏஜெண்ட் இப்போது சமாளிக்கிறார். கோடு இருப்பதே அந்தப் படியில்தான். AAA முதல் BBB- வரை முதலீட்டுத் தரம். BB+ முதல் அதற்குக் கீழே. விற்பவர்கள் 'ஹை யீல்டு' என்பார்கள், சந்தையில் 'ஜங்க்' என்பார்கள். ஏஜென்சிகளின் விளக்கத்திலேயே பேச்சு மாறுகிறது: BBB என்றால் மிதமான பாதுகாப்பு, BB என்றால் கடன் தவறும் மிதமான அபாயம். D என்றால் தவறிவிட்டது, அல்லது சீக்கிரம் தவறப்போகிறது.

கணக்கைப் பாருங்கள். வங்கியில் 7 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 3 லட்சத்துக்கு இங்கே வருடம் 18,000 ரூபாய் கூடுதல். கம்பெனி விழுந்து ரூபாய்க்கு 30 பைசாதான் திரும்பி வந்தால் 2,10,000 போய்விடும். கிட்டத்தட்ட 12 வருடக் கூடுதல் வட்டி ஒரே அடியில் காலி.

செக்யூர்டு என்றால் அடமானச் சொத்தை விற்று வருவதில் நமக்கு முன்னுரிமை, அவ்வளவுதான். எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் வரையிலான காப்பீடும் இதற்குக் கிடையாது. விற்றுவிடலாம் என்று பார்த்தால் 100 ரூபாய் முகமதிப்புக்கு 84தான் கேட்கிறார்கள். இந்த ரகத்துக்கு இங்கே வாங்க ஆளே குறைவு.

வாங்கும் முன் ஏஜெண்டிடம் அந்தப் பத்திரத்தின் அடையாள எண்ணை, அதாவது INE என்று தொடங்கும் 12 எழுத்து ஐ.எஸ்.ஐ.என். எண்ணைக் கேளுங்கள். ஏஜென்சியின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு, கடைசி அறிக்கையின் தேதியையும் அதில் உங்கள் எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நல்ல ரேட்டிங்கும் கவசம் இல்லைதான். 2018-ல் உச்ச ரேட்டிங்கில் இருந்த பெரிய நிதி நிறுவனம் ஐ.எல்.&எஃப்.எஸ். சில வாரங்களில் D-க்கு விழுந்தது. ஆனால் மாமா விஷயத்தில் இறக்கம் ஏற்கெனவே அச்சிலேயே இருந்தது.

பங்கு, பத்திரச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். புரோக்கர் நிறுவனத்தின் பதில்: "ரிஸ்க் படிவத்தில் கையெழுத்து போட்டிருக்கிறார்." ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தப் பழைய தாள் தேதியோடு எங்களிடம் இருக்கிறது, அதையும் இணைத்துவிட்டோம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இதே பேச்சோடு யாராவது வந்திருந்தால், அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள்.