செயலி மூடிய பிறகு கையில் மிஞ்சியது படிவம் 26AS

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்க கிரிப்டோ பணம் ஏதாவது வந்துச்சா சார்? எனக்கும் அதே கதிதான். வக்கீலைப் பார்த்தா பிரயோஜனம் இருக்கா?" அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கிரிப்டோ வாங்கி விற்கும் அந்தச் செயலியை நடத்திய நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, வழக்கு நடக்கிறது. ஏலச்சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்து 2,80,000 ரூபாய் போட்டிருந்தேன். மூன்று வருடம் அந்தச் செயலியில் குறை சொல்ல எதுவும் இல்லை. விற்றால் அன்று மாலைக்குள் பணம் வங்கிக்கு வந்துவிடும். அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

என்னால் மன்னிக்க முடியாதது வேறு. பணம் எடுப்பதை 'தற்காலிகமாக' நிறுத்திய பிறகும் எட்டு மாதம் இருப்புத்தொகையைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே நானும் காத்திருந்தேன். ஒரு நாள் செயலி திறக்கவில்லை. வாங்கியது, விற்றது என்று எல்லாக் கணக்கும் அதோடு போய்விட்டது. அதற்கு முன் ஒருமுறைகூட நான் அதைத் தரவிறக்கி வைத்ததில்லை.

இணையக் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தேன். கணக்கிலிருந்து பணம் திருடுபோன சில மணி நேரத்துக்குள் அதை முடக்கத்தான் அந்த எண் மிகவும் உதவும். நிறுவனமே மூடிய விவகாரத்தில் புகார் பதிவாகும், அவ்வளவுதான். காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டு, "அந்தக் கம்பெனிக்குத்தான் பணம் கட்டினீங்கன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். வங்கி அறிக்கையில் பார்த்தால் பணம் போனது இடையில் இருந்த பேமென்ட் நிறுவனத்தின் பெயருக்கு. செயலியின் பெயர் எங்குமே இல்லை.

அப்போது கைகொடுத்தது, நான் திட்டிக்கொண்டே இருந்த ஒரு சதவீத டி.டி.எஸ். பிடித்தம். 2022 ஜூலை முதல் கிரிப்டோவை விற்றால் அதைப் பிடிக்கிறார்கள். வருமான வரித் தளத்தில், நம் பெயரில் பிடித்த வரியையெல்லாம் காட்டும் படிவம் 26AS-ஐத் திறந்தேன். 194S என்ற பிரிவின் கீழ் விற்ற தேதி, தொகை 1,50,000, பிடித்தம் 1,500. பக்கத்திலேயே பிடித்த நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர். செயலியின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யார் மீது வழக்குப் போடுவது என்பதே அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பெயரைக் கம்பெனி விவகாரத் துறையின் எம்.சி.ஏ. தளத்தில் தேடினால் பதிவு முகவரி, இயக்குநர்கள், நிறுவனத்தின் நிலை எல்லாம் வரும். நிலையை அவசியம் பாருங்கள். திவால் நடவடிக்கை தொடங்கியிருந்தால், நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கெடு முடிவதற்குள் உரிமைகோரல் படிவம் கொடுக்க வேண்டும். பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கியிருந்தால், அந்த நிறுவனத்தை மீண்டும் பதிவில் சேர்க்கச் சொல்லி நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். என் விஷயத்தில் நிலை 'செயல்பாட்டில்' என்றே இருந்தது.

26AS-இல் விற்றது மட்டும்தான் வரும். போட்ட பணத்துக்கு வங்கி அறிக்கையில் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள யு.டி.ஆர். எண்ணையும், பணம் சேர்ந்ததாக வந்த மின்னஞ்சலையும் தேதி வாரியாகப் பொருத்தி ஓர் அட்டவணை போட்டேன். மின்னணு ஆவணம் என்பதால் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றையும் வக்கீல் இணைத்தார்.

நாங்கள் போனது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எட்டு மாதமும் அந்தக் கணக்கில் போய்விட்டது. 'இவர் ஊக வணிகர், நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். நிலையான வட்டி தருவதாகச் சொல்லி வாங்கியிருந்தால், தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கப் பார்க்கலாம். எனக்கு அப்படி யாரும் வட்டி சொல்லவில்லை.

வக்கீல் நம்பியிருப்பது 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட ஒரு உத்தரவை. கிரிப்டோ நாணயம் அல்ல, ஆனால் சொத்து, அதை இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார். நடுவர் மன்றம் சிங்கப்பூரில் என்று ஒப்பந்தம் சொன்னபோதும், சென்னை வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதால் இங்கே விசாரிக்கலாம் என்றார். மனுதாரருக்காக 9.56 லட்சம் ரூபாய்க்கு உத்தரவாதம் வைக்கச் சொன்னார். அது இடைக்காலப் பாதுகாப்புதான். அந்த நிறுவனம் இயங்கிக்கொண்டும் இருந்தது. மூடிவிட்டுப் போனவர்களிடம் என்ன மிச்சம் இருக்கும் என்பது வேறு கேள்வி.

பயன்படுத்த அவ்வளவு எளிதான செயலியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் மதிப்பெண் கேட்டால் பூஜ்யம்தான் கொடுப்பேன்.

பதிவு முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் 'அலுவலகம் பூட்டியுள்ளது' என்று திரும்பி வந்தது. இயக்குநர்களையும் எதிர்த்தரப்பில் சேர்த்திருந்ததால் அவர்கள் வீட்டு முகவரிக்கு இன்னொன்று போனது. போன செவ்வாய்க்கிழமை அதன் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு வந்திருக்கிறது.