18 லட்சமா, 16 லட்சமா: நான் குறைந்த ஆஃபரை எடுத்த கணக்கு

போன வருடம் ஒரே வாரத்தில் இரண்டு ஆஃபர் கையில் இருந்தன. ஒன்று 18 லட்சம் சிடிசி, 30 நாளில் சேர வேண்டும். இன்னொன்று 16 லட்சம், 90 நாள் காத்திருக்கத் தயார். அப்போது நான் இருந்த சென்னை கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் 90 நாள், மாதச் சம்பளம் 75,000. நான் 16 லட்சத்தை எடுத்தேன். இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

சம்பளக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 18 லட்சத்துக்குள் ஜாயினிங் போனஸ் 1,50,000, வேரியபிள் 1,80,000, கம்பெனி பங்கு பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அடக்கம். அவற்றைக் கழித்தால் பிடித்தத்துக்கு முன் மாதம் 1,10,800 வரும். 16 லட்சத்தில் போனஸும் இல்லை, வேரியபிளும் இல்லை. பிஎஃப் மாதம் 1,800, அப்புறம் கிராஜுவிட்டி. மாதம் சுமார் 1,29,000. முதல் ஆஃபரில் பிஎஃப் அதிகம், அதுவும் என் பணம்தான். வேரியபிள் முழுதாக வந்திருந்தால் ஆண்டுக் கணக்கில் அதுவே முந்தியிருக்கும். அதனால் சம்பளத்தை மட்டும் வைத்து நான் முடிவு எடுக்கவில்லை.

முடிவு செய்தது நோட்டீஸ்தான். 30 நாளில் சேர வேண்டுமென்றால் மீதி 60 நாளை நான் பணம் கட்டி வாங்க வேண்டும். பைஅவுட் தொகை பேசிக்கை வைத்தா, மொத்தச் சம்பளத்தை வைத்தா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் மொத்தச் சம்பளம் என்று இருந்தது. இரண்டு மாதத்துக்கு 1,50,000. அவர்கள் தரும் ஜாயினிங் போனஸும் அதே 1,50,000. அதிலும் போனஸ் சம்பளமாகக் கணக்காகி வரி பிடித்த பிறகுதான் கைக்கு வரும். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். ஆக அது எனக்குப் போனஸே இல்லை, நான் கட்டப்போகும் நோட்டீஸ் பணத்தில் ஒரு பகுதி.

பணத்தை விடப் பெரிய சிக்கல் அதே லெட்டரில் அடுத்த வரியில் இருந்தது. பணம் கட்டினாலும் முன்கூட்டியே விடுவிப்பது கம்பெனியின் விருப்பம். மேனேஜர் மறுத்தால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அது இல்லாமல் போய்ச் சேர்ந்தால் புதிய இடத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டும். பழைய கம்பெனி விலகல் தேதியைப் பிந்திப் போட்டால் பிஎஃப் கணக்கில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் இருந்ததாகவும் தெரியும்.

இதை 18 லட்சம் தருவதாகச் சொன்ன எச்ஆரிடம் நேராகவே கேட்டேன்: "30 நாளில் விடாவிட்டால் ஆஃபர் நிற்குமா?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், நீங்க முதல்ல ரிசைன் பண்ணிடுங்க."

மெயிலில் எழுதித் தரச் சொன்னேன். நான்கு நாள் கழித்தும் ஜாயினிங் தேதி மாறாத அதே லெட்டர்தான் வந்தது. அங்கே என் மனம் விட்டுப்போனது.

இரண்டாவது கம்பெனி முதலில் சொன்னது 15,20,000. முதல் ஆஃபரின் 18 லட்சத்தைக் காட்டி நான் பேரம் பேசவில்லை. போனஸ், வேரியபிள் பிரித்துக் காட்டியிருந்தால் அவர்களே அதை உடைத்திருப்பார்கள். எனக்கு உறுதியான மாதச் சம்பளம் எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லி 16,50,000 கேட்டேன், 16இல் நின்றது. அதற்கு மேல் அழுத்தாமல், "ரிலீவிங் தேதியிலிருந்து 7 நாளுக்குள் சேரலாம்" என்ற வரியை லெட்டரில் கேட்டேன். மறுநாளே திருத்திய லெட்டர் வந்தது. அது கையில் வந்த பிறகுதான் ரிசைன் செய்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பைஅவுட்டை ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்ட மேனேஜர்களைப் பற்றி நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் நேரில் பார்த்தது ஒருவரைத்தான். உங்கள் டீமில் கடைசியாக விலகியவரை எத்தனை நாளில் விட்டார்கள் என்று அவரிடமே கேளுங்கள். புதிய கம்பெனி பைஅவுட்டைத் தானே தருவதாகச் சொன்னால், எத்தனை நாளுக்கு, எந்தச் சம்பளக் கணக்கில், எந்த மாதச் சம்பளத்தோடு, என்ன ரசீது காட்டினால் தருவார்கள் என்ற நான்கும் ஆஃபர் லெட்டரில் இருக்க வேண்டும். இவை எழுத்தில் இருந்தால் என் கணக்கும் மாறியிருக்கலாம்.

என் மேனேஜர் 90 நாளில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. மிச்சமிருந்த விடுப்பை நோட்டீஸில் கழிக்கக் கேட்டதற்கும் மறுத்துவிட்டார். கடைசி வேலை நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை ரிலீவிங் லெட்டர் மெயிலில் வந்தது, அடுத்த வியாழக்கிழமை புதிய இடத்தில் சேர்ந்தேன்.